ஆறு வயரும் ஒரு ரிலேயும்

பொள்ளாச்சிப் பக்கம் சித்தப்பாவின் தென்னந்தோப்பில் 10 எச்.பி. மோட்டார் ஒன்று இரண்டு ஆண்டுக்குள் இரண்டாவது முறையாக எரிந்தது. வைண்டிங் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கருகியிருந்தன.

"இது ஒரே நாள்ல எரிஞ்சதில்லைங்க. வெந்து வெந்து எரிஞ்சிருக்கு. ஸ்டார்ட்டர்ல ரிலேவை எத்தனையில வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"பதினாலுங்க. மோட்டார் பிளேட்ல 14 ஆம்பியர்னுதானே போட்டிருக்கு?" என்றார் சித்தப்பா.

"அதுதானுங்க எரிச்சது" என்றார் அவர்.

பிளேட்டில் 14 என்று இருக்கிறது, ரிலேயிலும் 14 வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு இதில் பிழை ஏதும் தெரியாது. ஆனால் பிளேட் சொல்லும் 14 ஓர் இடத்தில் ஓடும் கரண்ட். அந்த ரிலே பார்ப்பது வேறோர் இடத்தில் ஓடும் கரண்ட். மும்முனை மின்சாரத்தில் லைன் அளவு, ஃபேஸ் அளவு என்று பாடப்புத்தகம் பிரித்துச் சொல்வது இந்த இரண்டு இடங்களைத்தான். தேர்வுக்குப் படித்து மறந்துவிடக்கூடிய அந்த வேறுபாடு சித்தப்பாவுக்கு இரண்டு முறை செம்புக்கம்பி விலை வைத்தது.

குழப்பத்தின் வேர் நாம் பேசும் சொல்லிலேயே இருக்கிறது. "ஒரு ஃபேஸ் போயிடுச்சு" என்று ஊரில் சொன்னால், கம்பத்திலிருந்து வரும் மூன்று வயர்களில் ஒன்றில் கரண்ட் இல்லை என்று பொருள். மின் பொறியியலில் அந்த வயரின் பெயர் லைன். ஃபேஸ் என்று அவர்கள் சொல்வது மோட்டாருக்குள்ளே இருக்கும் மூன்று தனித்தனிச் சுற்றுகளில் ஒன்றை. வெளியே மூன்று வயர், உள்ளே மூன்று சுற்று. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கும்போது, இரண்டிலும் ஒரே அளவுதான் ஓடும் என்று நினைக்கத் தோன்றிவிடுகிறது. இனி இந்தக் கட்டுரையில் வெளியே இருப்பதை லைன் என்றும், உள்ளே இருப்பதைச் சுற்று என்றும் சொல்கிறேன்.

முதலில் வெளியே இருப்பதைப் பார்ப்போம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கித் திசை மாறுகிறது. மூன்று லைன்களிலும் இதே ஏற்ற இறக்கம் நடக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. ஒரு லைன் உச்சத்தைத் தொட்டு ஏறத்தாழ 6.7 மில்லிநொடி கழித்து அடுத்தது தொடும், இன்னொரு 6.7 கழித்து மூன்றாவது. ஒரு முழுச் சுழற்சிக்கு ஆகும் 20 மில்லிநொடியை மூவரும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

இதைக் கடிகார முகத்தில் வரையலாம். ஒரே நீளமுள்ள மூன்று முட்களை 12, 4, 8 ஆகிய எண்களைப் பார்க்க நிறுத்துங்கள். மூன்று பேர் ஒரே வலுவோடு இந்த மூன்று திசையில் கயிற்றை இழுத்தால் நடுவில் உள்ள முடிச்சு எந்தப் பக்கமும் நகராது. மும்முனையின் மூன்று கரண்ட்களும் அப்படித்தான். சமமாக இருக்கும்வரை எந்தக் கணத்தில் கூட்டினாலும் பூச்சியம்தான் வரும். ஒன்று உச்சத்தில் ஓடும் கணத்தில் மற்ற இரண்டும் ஆளுக்குப் பாதி என்ற அளவில் எதிர்த் திசையில் ஓடும். போன கரண்ட் திரும்பிவர நான்காவது வயர் வேண்டியதில்லை. அதனால்தான் மும்முனை மோட்டாருக்கு நியூட்ரல் இழுப்பதில்லை.

நியூட்ரல் வேண்டியது வீடுகளுக்கு. ஊர் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே, நம் பக்கத்துக்கு மின்சாரம் தரும் மூன்று சுற்றுகளின் ஒரு முனையை ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். அந்த நடு முடிச்சிலிருந்து வருவதுதான் நியூட்ரல். முடிச்சுக்கும் ஒரு லைனுக்கும் இடையே 240 வோல்ட்; அது வீட்டுக்குப் போகிறது. இரண்டு லைன்களுக்கு இடையே 480 இருக்கும் என்று மனக்கணக்குப் போடத் தோன்றும். மீட்டர் காட்டுவதோ 415.

இதற்குச் சூத்திரம் தேடாமல் காகிதத்திலேயே விடை காணலாம். ஒரு புள்ளியிலிருந்து 12 மணித் திசைக்கும் 4 மணித் திசைக்கும் 12 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு கோடுகள் போடுங்கள். நுனிக்கு நுனி அளந்தால் 24 வராது, ஏறத்தாழ 20.8 வரும். 12-ஐ 1.73 மடங்காக்கிய நீளம் அது. 240-ஐ 1.73 மடங்காக்கினால் 415. மூன்றின் வர்க்கமூலம் என்று புத்தகத்தில் ஒவ்வொரு சூத்திரத்திலும் ஒட்டிக்கொண்டு வரும் எண் இதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாததால் முழு இரண்டு மடங்கு கிடைப்பதில்லை. கட்டுரை முழுக்க இந்த ஒரே எண்தான் வரப்போகிறது.

இனி மோட்டாருக்குள். மூன்று சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க முனை, ஓர் இறுதி முனை. ஆக ஆறு முனைகள். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் மேலே மூன்று, கீழே மூன்று என்று இரண்டு வரிசையில் ஆணிகள் நிற்கும். கூடவே சிறிய பித்தளைப் பட்டைகள் இருக்கும். மேல்வரிசை மூன்றையும் பட்டையால் குறுக்காக இணைத்து, கீழ்வரிசைக்கு மூன்று லைன்களைக் கொடுத்தால் அது ஸ்டார். மூன்று சுற்றுகளின் இறுதி முனைகளும் ஒரே முடிச்சில் சேர்கின்றன. பட்டைகளைச் செங்குத்தாக, மேல் ஆணியோடு கீழ் ஆணியாகப் போட்டால் டெல்டா. ஒரு சுற்றின் முடிவு அடுத்த சுற்றின் தொடக்கத்தில் சேர்ந்து முக்கோணமாகிறது. முக்கோணத்தின் மூன்று மூலைகளிலும் லைன்கள் சேர்கின்றன. பட்டையைத் திருப்பிப் போடுவதுதான் வேலை. ஆனால் சுற்றின் தலையெழுத்தே அதில் மாறிவிடுகிறது.

ஸ்டாரில் ஒரு லைன் நேராக ஒரு சுற்றுக்குள் போகிறது. கரண்டுக்கு வேறு வழி கிடையாது. எனவே லைனில் என்ன ஓடுகிறதோ அதுவே சுற்றிலும் ஓடும். ஆனால் இரண்டு லைன்களுக்கு இடையே இரண்டு சுற்றுகள் இருப்பதால், ஒரு சுற்றுக்கு முழு 415 கிடைப்பதில்லை. 240 தான் கிடைக்கும். டெல்டாவில் இது தலைகீழ். ஒவ்வொரு சுற்றும் நேராக இரண்டு லைன்களுக்கு இடையே உட்கார்ந்திருப்பதால் முழு 415 வோல்ட் அதன் மேல் விழுகிறது. ஆனால் மூலைக்கு வரும் லைன் கரண்ட் இரண்டு சுற்றுகளுக்குப் பிரிந்து போகிறது. பிரிகிறது என்றாலும் நேர்பாதியாக அல்ல. இரண்டு சுற்றுகளும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை அல்லவா? அதே காகிதப் படம்தான். லைனில் ஓடுவதை 1.73-ஆல் வகுத்தால் வருவது சுற்றில் ஓடும்.

சித்தப்பாவின் மோட்டாருக்கு வருவோம். பிளேட்டில் இருந்தது: 7.5 கிலோவாட், 415 வோல்ட், 14 ஆம்பியர், பக்கத்தில் ஒரு முக்கோணக் குறி. பிளேட்டில் அச்சாகும் வோல்டும் ஆம்பியரும் எப்போதும் லைன் அளவுகள். மோட்டாரைத் திறக்காமல் வெளியே அளக்கக் கூடியவை அவைதான் என்பதால் உலகம் முழுக்க அப்படி வழக்கம். முக்கோணக் குறி இருப்பதால் ஓடும்போது டெல்டா. ஆக, 14 ஆம்பியர் லைனில் ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஓடுவது 14-ஐ 1.73-ஆல் வகுத்த 8.1 ஆம்பியர். அந்தச் செம்புக்கம்பியின் தடிமனைத் தேர்ந்தெடுத்தவர் 8.1-ஐ மனத்தில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார். 14-ஐ அது ஒருநாளும் தாங்காது.

அப்படியானால் ஸ்டார் எதற்கு வந்தது? கிளம்புவதற்கு. நின்றிருக்கும் மோட்டாரை நேரடியாக டெல்டாவில் போட்டால் முதல் சில நொடிகளுக்கு ஓட்டக் கரண்டைப்போல ஏறத்தாழ 6 மடங்கு இழுக்கும். நம் மோட்டாருக்கு அது லைனில் 84 ஆம்பியர். தோப்பு வரை இழுத்துவந்த வயரில் வோல்டேஜ் படுத்துவிடும்; பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் தடுமாறும். அதையே ஸ்டாரில் போட்டுக் கிளப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 84 ஓடும்போது சுற்றில் ஓடுவது 48.5. சுற்றின் மேல் விழும் வோல்டேஜ் 415-லிருந்து 240 ஆகக் குறைந்தால் சுற்றின் கரண்ட்டும் அதே விகிதத்தில் குறைந்து 28 ஆகும். ஸ்டாரில் சுற்றில் ஓடுவதும் லைனில் ஓடுவதும் ஒன்றுதான் என்பதால் லைனிலும் 28. 84 எங்கே, 28 எங்கே. சரியாக மூன்றில் ஒரு பங்கு. 1.73 என்ற எண் வோல்டேஜில் ஒருமுறை, கரண்ட் பிரிவதில் ஒருமுறை என்று இரண்டு தடவை வேலை செய்ததால் 3 வந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. சுழற்றும் விசையும் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. தண்ணீர் இறைக்கும் பம்புக்கு அது போதும். வேகம் ஏற ஏறத்தான் அதன் சுமை ஏறும், தொடக்கத்தில் சக்கரம் லேசாகத்தான் இருக்கும். கிளம்பும்போதே முழு பாரத்தைத் தூக்க வேண்டிய இயந்திரங்களுக்கு இந்த ஸ்டார்ட்டர் உதவாது. பம்பு வேகம் பிடித்ததும் டைமர் டெல்டாவுக்கு மாற்றுகிறது. அப்போது கேட்கும் 'டக்' என்ற சத்தமும் அதைத் தொடரும் ஒரு சிறு உறுமலும் தோப்புக்காரர்களுக்குப் பழகிப்போனவை. இந்த மாற்றத்தை ஸ்டார்ட்டரே செய்ய வேண்டும் என்பதால் ஆறு முனைகளும் மோட்டாரிலிருந்து ஸ்டார்ட்டர் வரை வந்தாக வேண்டும். எனவேதான் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்கு மூன்று வயருக்குப் பதில் ஆறு வயர் போகிறது.

சித்தப்பாவின் வினை இந்த ஆறு வயரில்தான் இருந்தது. கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டருக்கு வரும் மூன்று வயரில் லைன் கரண்ட் ஓடுகிறது: 14. ஸ்டார்ட்டருக்குள் அது இரண்டாகப் பிரிகிறது. அங்கிருந்து மோட்டாருக்குப் போகும் ஆறு வயர் ஒவ்வொன்றிலும் ஓடுவது சுற்றின் கரண்ட்: 8.1. அவருடைய ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே, பிரிந்த பிறகு உள்ள மூன்று வயரில் மாட்டப்பட்டிருந்தது. அது பார்ப்பது 8.1-ஐ. டயலில் இருந்தது 14. சுற்றில் 14 ஓட வேண்டுமானால் லைனில் 24 ஆம்பியர் ஓட வேண்டும். அதாவது மோட்டார் தன் அளவைவிட முக்கால் மடங்கு கூடுதலாக இழுத்தால்கூட ரிலே ஒன்றும் அறியாமல் இருக்கும்.

மோட்டார் அவ்வளவெல்லாம் இழுக்கவில்லை. மாலையில் தோட்டங்கள் எல்லாம் மோட்டார் போடும் நேரத்தில் அங்கே 340 வோல்ட்தான் வரும். பம்பு கேட்கும் வேலை குறைவதில்லை. வோல்டேஜ் குறைந்த அளவுக்குக் கரண்ட்டைக் கூட்டித்தான் மோட்டார் அந்த வேலையை முடிக்கும். லைனில் 17, சுற்றில் 9.8. சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 8.1-க்குப் பதில் 9.8 ஓடினால் சுற்றில் பிறக்கும் சூடு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அன்றைக்கே எரியாது. ஆனால் கம்பியின் மேல்பூச்சுக்கு வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மோட்டார் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. மாலை மாலையாக வெந்து, ஒருநாள் அது உதிர்ந்துவிடும்.

இதில் வேதனையானது, முதல் முறை எரிந்த பிறகு ஒருவர் டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்தும் இருக்கிறார். மாலை நேரத்தில்தான். மோட்டாருக்குப் போகும் ஒரு வயரில் மாட்டியிருக்கிறார், 9.8 காட்டியிருக்கிறது. "பதினாலுக்கு ரொம்பக் கீழதான் ஓடுது, மோட்டார் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கருவி பொய் சொல்லவில்லை. ஸ்டார்ட்டருக்கு உள்ளே வரும் வயரில் மாட்டியிருந்தால் அதே கருவி 17 காட்டியிருக்கும்.

உங்கள் ஸ்டார்ட்டரில் ரிலே எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் இதே வழிதான். மோட்டார் டெல்டாவில் ஓடும்போது எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, உள்ளே வரும் வயரிலும் ரிலே வழியாகப் போகும் வயரிலும் டாங் டெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ரிலே லைனில் இருக்கிறது. பிளேட்டில் உள்ள எண்ணையே வைக்கலாம். உள்ளே வருவது 1.73 மடங்கு அதிகமாக இருந்தால் ரிலே சுற்றின் பாதையில் இருக்கிறது. பிளேட் எண்ணை 1.73-ஆல் வகுத்து, அல்லது 0.58-ஆல் பெருக்கி வைக்க வேண்டும். ஸ்டார்ட்டரோடு வந்த தாளில் டயல் எண் எதைக் குறிக்கிறது என்று எழுதியிருந்தால் அதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

கருகிய விதத்தைப் பார்த்தே வைண்டிங் கடைக்காரர் எப்படிச் சொன்னார் என்று எனக்கு வியப்பாக இருந்தது. கேட்டபோது மூலையில் கிடந்த இரண்டு பழைய மோட்டார்களைக் காட்டினார். ஒன்றில் சுற்றிலும் மூன்றில் ஒரு பங்குக் காயில்கள் மட்டும், சம இடைவெளியில், கருகியிருந்தன. மற்றவை புதிதுபோல் பளபளத்தன. இன்னொன்றில் மூன்றில் இரண்டு பங்கு கருகி, ஒரு பங்கு நன்றாக இருந்தது. இரண்டிலும் நடந்தது ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு லைன் அறுந்திருக்கிறது.

முதல் மோட்டார் டெல்டா. ஒரு லைன் போனால் மிஞ்சிய இரண்டு லைன்களுக்கு நேர் நடுவே ஒரு சுற்று தனியாக மாட்டிக்கொள்கிறது. மற்ற இரண்டும் ஒன்றின்பின் ஒன்றாகச் சேர்ந்து நீண்ட பாதையாகிவிடுவதால் அவற்றில் பாதிக் கரண்ட்தான் ஓடும். சுமையைச் சுமக்க லைன் கரண்ட் 1.73 மடங்கு ஏறும். அதில் மூன்றில் இரண்டு பங்கை அந்த ஒற்றைச் சுற்றே வாங்கிக்கொள்ளும். நம் 10 எச்.பி. கணக்கில் லைனில் 24, அந்தச் சுற்றில் 16. தாங்கக் கூடியதைப்போல இரண்டு மடங்கு. மற்ற இரண்டிலும் வழக்கமான 8 தான். எனவே ஒன்று கருகும், இரண்டு பிழைக்கும். இரண்டாவது மோட்டார் ஸ்டார். சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டாரிலேயே ஓடும். அறுந்த லைனோடு சேர்ந்த சுற்றில் கரண்டே இல்லை. மற்ற இரண்டும் வரிசையில் நின்று முழுக் கரண்டையும் வாங்கும். இரண்டு கருகும், ஒன்று பிழைக்கும். எல்லாம் சமமாகக் கருகியிருந்தால் மூன்று லைன்களும் இருந்திருக்கின்றன, ஆனால் மூன்றிலும் அளவுக்கு மீறி ஓடியிருக்கிறது என்று பொருள். அதனால்தான் அவர் முதலில் ரிலேயைக் கேட்டார்.

அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். டைமர் பழுதாகி மோட்டார் ஸ்டாரிலேயே நின்றுவிடுவது. பம்பு முழுச் சுமையில் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும்; வேகம் பிடிக்காமல் உறுமும், தண்ணீர் குறையும். சுமை முக்கால்வாசி என்றால் ஓடிவிடும். அங்கேதான் ஆபத்து. ஸ்டார்ட்டர் மூடியில் உள்ள ஆம்மீட்டர் 10-க்குச் சற்று மேல் காட்டும். பிளேட்டோ 14 என்கிறது. பார்ப்பவருக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் ஸ்டாரில் லைனும் சுற்றும் ஒன்று. 8.1-க்குக் கட்டிய கம்பியில் 10-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. ரிலே 8.1-ல் இருந்தால் சில நிமிடங்களில் மோட்டாரை நிறுத்திவிடும். 14-ல் இருந்தால் நிறுத்தாது. மோட்டார் போட்டதும் இரண்டாவது 'டக்' கேட்கிறதா என்று காது கொடுப்பது இதற்காகத்தான்.

வெளிநாட்டு இயந்திரங்களோடு வரும் மோட்டார்களில் 230/400 என்று இரண்டு எண்களும், பக்கத்தில் டெல்டா, ஸ்டார் குறிகளும் இருக்கும். டெல்டாவில் கட்டினால் 230 வோல்ட் லைன், ஸ்டாரில் கட்டினால் 400 வோல்ட் லைன் என்று அர்த்தம். சுற்று தாங்குவது 230 தான். நம் 415 வோல்ட்டில் அதை ஸ்டாரில் மட்டுமே கட்டலாம். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் போட்டால், டெல்டாவுக்கு மாறும் அந்த 'டக்'கோடு அதன் கதை முடியும். 400/690 என்று இருப்பதுதான் அந்த ஸ்டார்ட்டருக்கு ஏற்றது.

மோட்டாரைக் கட்டி வாங்கி, ரிலேயை 8.1-ல் வைத்து, ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா போனில் கூப்பிட்டார். "டேய், பொழுது சாஞ்சா மோட்டார் தானா நின்னுக்குது. முன்னாடி எல்லாம் இப்படி நின்னதே இல்ல" என்றார் குறையாக. வோல்ட் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். 340 என்றார்.

ரிலே குளிர்ந்ததும் மறுபடி போட்டுவிடாமல் விடியற்காலையில் போடச் சொன்னேன். மறுநாள் ஐந்து மணிக்குப் போட்டாராம். 405 வோல்ட் காட்டியதாம். உள்ளே வரும் வயரில் ஒன்று, மோட்டாருக்குப் போகும் வயரில் ஒன்று என்று அவரே நின்று அளக்கச் சொல்லிக் குறித்து வைத்திருந்தார்: 13.8, 8.